கடைசிப் பத்து மீட்டர்: மழைத்துளியின் வேகம் பற்றி

(அறிவியல் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழை எவ்வளவு வேகத்தில் விழுகிறது, ஏன் அந்த வேகத்தில் விழுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலில் ஒரு சிறு கணக்கு போட்டுவிடுவோம். தரையிலிருந்து 2 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மேகம். அதிலிருந்து ஒரு துளி விழுகிறது. பள்ளியில் படித்த v² = 2gh என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 198 மீட்டர் என்று விடை வரும். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் மழை பெய்தால் குடையும் மிஞ்சாது, ஓடும் மிஞ்சாது.

ஆனால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி, காற்று அசையாத நேரத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில்தான் வந்து விழுகிறது. மணிக்கு 23 கிலோமீட்டர். சைக்கிளை அழுத்தி மிதிக்கத் தெரிந்தவர் எட்டிவிடும் வேகம் இது.

சூத்திரம் பொய் சொல்லவில்லை. அது காற்று இல்லாத உலகத்துக்கான சூத்திரம். காற்றுள்ள உலகத்தில் என்ன ஆகிறது என்பதை ஆற்றல் கணக்கில் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கிலோ நீர், கீழே வந்துசேரும்போது 19,600 ஜூல் ஆற்றலைச் செலவழித்திருக்க வேண்டும். தரைக்கு வரும்போது அந்த ஒரு கிலோ மழையின் கையில் இயக்க ஆற்றலாக மிஞ்சியிருப்பது 21 ஜூல். ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதி 999 பங்கும் வழியிலேயே காற்றுக்குப் போய்விட்டது. அது காற்றைக் கலக்கி, சிறு சிறு சுழல்களாகிக் கடைசியில் வெப்பமாக அடங்கிவிடும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். துளி எவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பியது என்பது தரையில் அதன் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. துளியின் அளவும், அது கடைசியாகக் கடந்த சில மீட்டர் காற்றுமே தீர்மானிக்கின்றன. மேகம் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் 4 கிலோமீட்டரில் இருந்தாலும், ஒரே அளவுள்ள துளி ஒரே வேகத்தில்தான் நம் தலையில் விழும். இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

துளியும் காற்றும் போடும் கணக்கு

2 மில்லிமீட்டர் துளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 4.2 மில்லிகிராம். இந்த எடை மாறுவதில்லை. துளி நின்றாலும் ஓடினாலும், மேலே இருந்தாலும் கீழே வந்தாலும் பூமி அதை அதே அளவில்தான் இழுக்கிறது.

காற்றின் தடை அப்படியல்ல. துளி அசையாமல் இருக்கும் வரை தடை என்பதே இல்லை. அது நகர்ந்தால்தான் காற்று எதிர்க்கும், வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். எவ்வளவு கூடும் என்பதைக் காண, துளி காற்றை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வினாடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் விழும் துளி, ஒரு வினாடியில் 6.5 மீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு மெல்லிய குழாய் அளவு காற்றை விலக்கிக்கொண்டு வருகிறது. அந்தக் குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர். காற்று எடையில்லாத பொருள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தரைமட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் நிறை 1.2 மில்லிகிராம். ஆகவே அந்தக் குழாயில் இருக்கும் காற்று 24 மில்லிகிராமுக்கு மேல் வரும். துளியோ 4.2 மில்லிகிராம். தன்னைப்போல் ஆறு மடங்கு நிறையுள்ள காற்றை ஒவ்வொரு வினாடியும் அந்தத் துளி ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது.

ஒதுக்கப்படும் காற்று பக்கவாட்டில் நழுவிச் சென்று, துளிக்குப் பின்னால் திரும்ப ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் துளிக்கு நட்டமில்லை. அப்படி நடப்பதில்லை. இந்த வேகத்தில் காற்று துளியின் பின்புறத்தில் ஒட்டி வளையாமல் பிரிந்து, சுழல்களாகப் பின்தங்கி, துளியோடு கொஞ்ச தூரம் கீழ்நோக்கி இழுபட்டு வருகிறது. துளி தன் உந்தத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அப்படிக் கொடுப்பதைத்தான் துளியின் பக்கம் நின்று பார்த்தால் காற்றின் தடைவிசை என்கிறோம்.

ஒரு வீட்டின் வரவு செலவாக இதை நினைத்துக்கொள்ளலாம். புவியீர்ப்பு தருவது மாதச் சம்பளம். ஒவ்வொரு வினாடியும் துளிக்கு வினாடிக்கு 9.8 மீட்டர் வேகத்துக்கான உந்தத்தை அது சேர்க்கிறது. இந்தச் சம்பளம் ஏறாது, இறங்காது. காற்றுக்குக் கொடுப்பது செலவு. வேகம் குறைவாக இருக்கும்போது செலவு அற்பம். வேகம் இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? ஒரு வினாடியில் விலக்க வேண்டிய காற்று இரண்டு மடங்காகிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு துணுக்கும் பெறும் வேகமும் இரண்டு மடங்காகிறது. ஆகவே செலவு நான்கு மடங்கு. நிலையான சம்பளமும், வேகத்தின் இருமடியாக ஏறும் செலவும் இருக்கும் வீட்டில், இரண்டும் சமமாகும் நாள் வந்தே தீரும். அந்த இடத்தில் சேமிப்பு நின்றுவிடுகிறது. துளியின் வேகம் அதற்குமேல் ஏறுவதில்லை. இந்த வேகத்தைத்தான் பாடநூல்கள் முற்றுத் திசைவேகம் என்கின்றன.

நம் துளிக்குக் கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். 4.2 மில்லிகிராமை 9.8-ஆல் பெருக்கினால் 41. காற்றின் 24.5 மில்லிகிராமுக்கு வினாடிக்கு 1.7 மீட்டர் வேகம் கிடைத்தால் அதுவும் 41-ஐ ஒட்டி வருகிறது. துளியின் வேகத்தில் கால் பங்கு வேகத்தை, விலக்கிய காற்றுக்குச் சராசரியாகக் கொடுத்தால் போதும், வரவும் செலவும் நேராகிவிடும். கோள வடிவப் பொருள்கள் இந்த வேகத்தில் காற்றுக்குக் கொடுக்கும் பங்கு உண்மையிலேயே அதை ஒட்டித்தான் இருக்கிறது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. எடையும் தடையும் சமமாகிவிட்டால் துளி அந்தரத்தில் நின்றுவிட வேண்டாமா என்று கேட்பார்கள். நிற்காது. விசைகள் சமமானால் வேகம் மாறாது என்பதுதான் நியூட்டனின் முதல் விதி. வேகம் இருக்காது என்று அது சொல்லவில்லை. மேலும், துளி நின்றுவிட்டால் தடையும் அந்தக் கணமே மறைந்துவிடும், சமநிலை குலைந்துவிடும். விழுந்துகொண்டிருப்பதால்தான் அந்தச் சமநிலையே இருக்கிறது.

இந்தச் சமநிலை உறுதியானதும்கூட. ஏதோ காரணத்தால் துளியின் வேகம் 7 மீட்டருக்குப் போனால் தடை எடையை மிஞ்சிவிடும், துளி மெதுவாகும். 6 மீட்டருக்குக் குறைந்தால் எடை மிஞ்சும், துளி வேகமெடுக்கும். இரண்டு பக்கமும் அதே 6.5-க்குத்தான் திரும்பி வர வேண்டும்.

முதல் இரண்டு வினாடி

சமநிலை வந்தே தீரும் என்றால், எவ்வளவு சீக்கிரம் வரும்? இதே துளியைக் காற்றசையாத இடத்தில் ஓய்விலிருந்து விழவிட்டதாக வைத்து, தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது என்று கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

விழத் தொடங்கி பத்தில் ஒரு வினாடி. வேகம் 0.97 மீட்டர். காற்றே இல்லாவிட்டால் 0.98 வந்திருக்கும். காற்று இருப்பதே துளிக்குத் தெரியவில்லை. அரை வினாடியில் வேகம் 4.1 மீட்டர், காற்றில்லாமல் 4.9 இருந்திருக்கும். இப்போது தடை எடையில் நாற்பது சதவீதத்தை எட்டிவிட்டது, முடுக்கம் தளர்கிறது. ஒரு வினாடியில் 5.9 மீட்டர். தடை எடையில் எண்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒன்றரை வினாடியில் 6.36. இரண்டாவது வினாடி முடியும்போது 6.47. காற்றில்லா உலகத்துத் துளி அப்போது 19.6 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு வினாடியில் நம் துளி விழுந்த தூரம் ஏறத்தாழ 10 மீட்டர். மூன்று மாடிக் கட்டிடத்தின் உயரம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேகத்திலிருந்து தரைவரை 2,000 மீட்டர் இருந்தால், முதல் 10 மீட்டரில் துளி வேகமெடுக்கிறது. மீதி 1,990 மீட்டரிலும் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. கிளம்பிய உயரம் துளியின் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

சொல்லப்போனால், கீழே வரவர வேகம் சிறிது குறையவே செய்கிறது. 5 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் அறுபது சதவீதம்தான். மெல்லிய காற்று என்பதால் எடையைச் சமன்செய்ய அங்கே கூடுதல் வேகம் வேண்டும். அதே துளி அங்கே இருபது சதவீதத்துக்கு மேல் வேகமாக விழும். இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது, துளியும் அதற்கேற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. விழும் பொருள் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேகமெல்லாம் காற்றைப் பொறுத்த வேகம். காற்றே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே எழும்பிக்கொண்டிருந்தால், நம் துளி தரையைப் பொறுத்து 1.5 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். இடிமேகத்துக்குள் காற்று அதைவிட வேகமாக எழும்புவது சாதாரணம். அங்கே துளி கீழே விழாமல் மேலே போகும். காற்று கீழிறங்கும் இடத்தில் அந்த வேகமும் துளியோடு சேர்ந்துகொள்ளும். அளவுக்கேற்ற வேகம் என்று நாம் சொல்வதெல்லாம் அசையாத காற்றுக்கு.

அளவு மாறினால்

இனித் துளியின் அளவைப் பார்ப்போம். ஒரு துளியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. காற்றுக்கு அது காட்டும் முகப்போ நான்கு மடங்குதான் கூடுகிறது. எடையின் பக்கம் கூடுதலாகச் சாய்வதால், பெரிய துளி இன்னும் வேகமாக விழுந்தால்தான் சமநிலை கிடைக்கும்.

எடைக்கும் முகப்புக்கும் உள்ள இந்தப் போட்டியை நியூட்டனே சோதித்துப் பார்த்திருக்கிறார். 1710-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உச்சியிலிருந்து 220 அடி கீழே கண்ணாடிக் கோளங்களை விழவிட்டார்கள். சிலவற்றில் பாதரசம் நிரப்பியிருந்தது; சிலவற்றில் வெறும் காற்று. பாதரசக் கோளங்கள் ஏறத்தாழ 4 வினாடியில் தரைக்கு வந்தன. காற்றில்லா உலகத்தில் ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். காற்றடைத்த கோளங்களுக்கு 8 வினாடி ஆனது. இவை பாதரசக் கோளங்களைவிட அளவில் பெரியவை, எடையில் குறைந்தவை. முகப்பு பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தவற்றுக்குக் காற்று சீக்கிரமே ஈடுகொடுத்துவிட்டது.

துளி மிகமிகச் சிறியதாகும்போது தடையின் தன்மையே மாறிவிடுகிறது. மேகத்தில் மிதக்கும் நுண்துளியின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இவ்வளவு சிறிய உருவம் மெதுவாக நகரும்போது அதன் பின்னால் சுழல் எதுவும் தோன்றுவதில்லை. காற்று அதை வழுவழுப்பாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இங்கே எதிர்ப்பு தருவது காற்றின் பாகுத்தன்மை. காற்றுப் படலங்கள் ஒன்றோடொன்று உராய்வதால் வரும் விசை. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான சூத்திரத்தைக் கொடுத்தார். இந்த நிலையில் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது, வேகத்தின் இருமடியில் அல்ல. அதனால் துளியின் வேகம் அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்து அமைகிறது.

0.02 மில்லிமீட்டர் நுண்துளிக்குக் கணக்கிட்டால் வினாடிக்கு 1.2 சென்டிமீட்டர் வருகிறது. இந்த வேகத்தில் 2 கிலோமீட்டர் இறங்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அதற்குள் மேகத்துக்குக் கீழே உள்ள உலர்ந்த காற்றில் அது ஆவியாகிவிடும். மேகம் ஏன் விழவில்லை என்று குழந்தைகள் கேட்பார்கள். அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது, மிக மெதுவாக. லேசாக மேலெழும் காற்று போதும், அந்த வேகத்தை ஈடுகட்டிவிட.

நம் 2 மில்லிமீட்டர் துளி, விட்டத்தில் அந்த நுண்துளியைப்போல் நூறு மடங்கு. நிறையில் பத்து லட்சம் மடங்கு. அதாவது பத்து லட்சம் நுண்துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அவை சேர்வதற்கும் இந்த வேக வேறுபாடுதான் ஒரு முக்கியக் காரணம். எல்லா நுண்துளிகளும் ஒரே வேகத்தில் இறங்கினால் ஒன்றை ஒன்று தொடாது. கொஞ்சம் பெரியது கொஞ்சம் வேகமாக இறங்குவதால், வழியில் உள்ள சிறியவற்றின் மேல் மோதி அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சேரச்சேர இன்னும் பெரிதாகி, இன்னும் வேகமெடுத்து, இன்னும் பலவற்றைச் சேர்க்கிறது. நம் ஊர் மேகங்களில் பல, பனிக்கட்டியின் உதவி இல்லாமல் இந்த வழியிலேயே மழையாகின்றன.

வேகத்துக்கு ஓர் எல்லை

துளி பெரிதாகப் பெரிதாக வேகம் கூடிக்கொண்டே போகுமா? போகாது. இதை அளந்து காட்டியவர்கள் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ராஸ் கன், கில்பர்ட் கின்சர் என்ற இருவர். 1949-இல் அவர்கள் வெளியிட்ட அளவீடுகளைத்தான் இன்றும் உலகம் எடுத்துக்காட்டுகிறது. அசையாத காற்றில் துளிகளை விழவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சிறிது மின்னூட்டம் கொடுத்தார்கள். துளி உலோக வளையங்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு எழும். இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரம் வேகத்தைச் சொல்லிவிடும். பிறகு துளியின் நிறையையும் கண்டறிந்தார்கள்.

அவர்கள் கண்ட எண்களில் சில: 1 மில்லிமீட்டர் துளி, வினாடிக்கு 4 மீட்டர். 2 மில்லிமீட்டர், 6.5. 3 மில்லிமீட்டர், 8.1. 4 மில்லிமீட்டர், 8.8. 5 மில்லிமீட்டர், 9.1. அவர்கள் அளந்தவற்றில் மிகப் பெரியது, 5.8 மில்லிமீட்டர், 9.2. தொடக்கத்தில் வேகம் தாவித்தாவி ஏறுகிறது. பிறகு ஏறக்குறைய நின்றேவிடுகிறது.

காரணம், பெரிய துளி உருண்டையாக இருப்பதில்லை. படங்களில் மழைத்துளியைக் கூரான தலையோடு வரைகிறோம். அப்படி ஒரு வடிவம் வானத்தில் எங்கும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் வரை துளி அச்சு அசலான உருண்டை. அதற்குமேல் போகப்போக அதன் அடிப்பக்கம் தட்டையாகிறது.

இங்கே இரண்டு அழுத்தங்கள் போட்டியிடுகின்றன. நீரின் பரப்பு இழுவிசை துளியை இறுக்கி உருண்டையாக்கப் பார்க்கிறது. எதிரே வரும் காற்று அடியில் அழுத்தித் தட்டையாக்கப் பார்க்கிறது. 1 மில்லிமீட்டர் துளியில் இறுக்கும் அழுத்தம் 290 பாஸ்கல் அளவு. காற்று அழுத்துவது 10 பாஸ்கல். போட்டியே இல்லை. 2 மில்லிமீட்டரில் 144-க்கு 25. துளி சிறிது நசுங்கத் தொடங்குகிறது. 5 மில்லிமீட்டரில் 58-க்கு 50. இரண்டும் ஏறத்தாழ சமம். துளி அகலமாகப் பரந்து, அடி தட்டையாகி, சில சமயம் உள்வாங்கியும் விடுகிறது. பரந்துவிட்டால் காற்றுக்குக் காட்டும் முகப்பு கூடுகிறது, தடையும் கூடுகிறது. உருண்டையாகவே இருந்திருந்தால் 5 மில்லிமீட்டர் துளி வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் வேகமெடுத்திருக்கும். நசுங்கியதால் 9.1-இல் நின்றுவிட்டது. எடை கூடுவதால் கிடைக்கும் ஆதாயத்தை, அகலம் கூடுவதால் வரும் இழப்பு விழுங்கிவிடுகிறது.

இன்னும் பெரிதானால் காற்று வென்றுவிடும். துளியின் நடுப்பகுதி மெல்லிய படலமாகி, பையாக மேல்நோக்கி உப்பி, வெடித்து, பல சிறு துளிகளாகச் சிதறும். ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் இதை 1904-லேயே கண்டார். கீழிருந்து மேலாகக் காற்றை வீசச் செய்து, அதன்மேல் துளிகளை மிதக்கவிட்டார். துளி விழுவதும், நிற்கும் துளியை நோக்கிக் காற்று எழுவதும் ஒன்றேதான் என்பதால் துளியை நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்கு மேற்பட்ட துளிகள் அவர் கண்முன்னே உடைந்தன. இயற்கையில் 8 மில்லிமீட்டரைத் தாண்டிய துளிகள் அபூர்வமாகப் பதிவாகியிருக்கின்றன. அவை நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை.

ஆக, அசையாத காற்றில், தரையருகே, மழையின் வேகத்துக்கு மேல் எல்லை வினாடிக்கு 9 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மணிக்கு 33 கிலோமீட்டர். எவ்வளவு பெரிய புயல்மேகமும் இதை மாற்ற முடியாது.

அளவுக்கேற்ற வேகம் என்ற விதிக்கு ஒரு மீறல் உண்டு. 2009-இல் மெக்சிகோவில் நடந்த ஓர் ஆய்வு, சில சிறு துளிகள் தங்கள் அளவுக்குரிய வேகத்தைவிட அதிகமாக விழுவதைக் காட்டியது. பெரிய துளி உடையும்போது பிறக்கும் துணுக்குகள் தாய்த்துளியின் வேகத்தோடு கிளம்புகின்றன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அரை மில்லிமீட்டர் துணுக்குக்கு உரிய வேகம் 2 மீட்டர்தான். அது 9 மீட்டர் வேகத்தோடு பிறந்தால், தடை எடையைப் பல மடங்கு மிஞ்சி, ஓரிரு மீட்டருக்குள் அதை மெதுவாக்கிவிடும். அந்த இடைவெளியில் அளந்தால் மீறலாகத் தெரியும். ஆனால் இப்படி அளப்பவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். கருவியின் விளிம்பில் துளி மோதித் தெறித்தாலும் இதே மாதிரி வேகமான துணுக்குகள் பதிவாகும். வேகத்தோடு துணுக்கு வந்த திசையையும் பார்த்து, தெறித்தவற்றை ஒதுக்கிவிட்டால்தான் எண்ணை நம்பலாம்.

நீங்களே அளக்கலாம்

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்க வழி இருக்கிறது. அளவுக்கு மாவு, வேகத்துக்குக் கைபேசி.

மாவு முறையை 1904-இல் வெளியிட்டவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த விவசாயி. பனித்துகள்களைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். ஒரு தட்டில் சலித்த மாவை ஓர் அங்குல கனத்துக்குத் தளர்வாகப் பரப்பி, சில வினாடி மட்டும் மழையில் காட்டி உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாக நிற்கும். காயவைத்துச் சலித்தால் உருண்டைகள் கையில் கிடைக்கும். உருண்டையின் அளவும் துளியின் அளவும் ஒன்றேயல்ல. அதனால் எடை தெரிந்த துளிகளை முதலில் அதே மாவில் விழவிட்டு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்கு, இரவில் பக்கவாட்டில் ஒரு விளக்கும் பின்னால் கறுப்புத் துணியும் வைத்து, கைபேசி கேமராவின் ஷட்டர் நேரத்தை நூறில் ஒரு வினாடிக்கு வைத்துப் படமெடுங்கள். விழும் துளி ஒரு கோடாகப் பதியும். 6.5 சென்டிமீட்டர் கோடு என்றால் வினாடிக்கு 6.5 மீட்டர். துளி விழும் அதே தூரத்தில் ஓர் அடிக்கோலையும் நிறுத்தி, கோலோடு சேர்ந்து தெளிவாகத் தெரியும் கோடுகளை மட்டும் அளக்க வேண்டும். மங்கலாகத் தெரிபவை முன்னே பின்னே விழுந்தவை. அவற்றின் நீளம் தவறாக வரும். காற்றடிக்கும் இரவில் இதைச் செய்ய வேண்டாம்.

மரத்தடி மண்

கடைசியாக, இந்தப் பத்து மீட்டர் கணக்கு மண்ணுக்கு என்ன செய்கிறது என்று சொல்லி முடிக்கிறேன்.

மரம் இருந்தால் மண் அரிக்காது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மேலிருந்து வரும் மழையின் வேகத்தை இலைகள் தடுத்துவிடும் என்பது அதன் அடிப்படை. இலை தடுப்பது உண்மை. ஆனால் இலையில் தங்கிய சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து, நுனிக்கு வழிந்து, 4 அல்லது 5 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய துளியாகித் திரும்ப விழுகின்றன. தேக்கு போன்ற அகன்ற இலை மரங்களில் இது நன்றாகவே தெரியும்.

5 மில்லிமீட்டர் துளியின் எடை 65 மில்லிகிராம். அது தன் முழு வேகத்தில் மோதினால், 2 மில்லிமீட்டர் மழைத்துளி கொண்டுவரும் ஆற்றலைப்போல் முப்பது மடங்கு ஆற்றலோடு மோதும். முழு வேகத்தை எட்ட அதற்கு எவ்வளவு உயரம் வேண்டும்? நாம் முன்பு போட்ட கணக்கையே இதற்கும் போட்டால், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வினாடிக்கு 4.2 மீட்டர் வேகம். முழு வேகத்தில் விழும் துளியின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு. 5 மீட்டரிலிருந்து விழுந்தால் 7.6 மீட்டர் வேகம். ஆற்றலில் எழுபது சதவீதம். 10 மீட்டரிலிருந்து விழுந்தால் 8.7 மீட்டர் வேகம். ஆற்றலில் தொண்ணூறு சதவீதம். பத்து மீட்டர் உயர மரத்தின் இலையிலிருந்து சொட்டும் துளி, மேகத்திலிருந்து வந்த அதே அளவுத் துளிக்கு ஏறக்குறைய நிகராகத் தரையை அடிக்கிறது. சிறு துளிகளாகப் பெய்த மழையை மரம் பெரிய துளிகளாக மாற்றித் தருமானால், மரத்தடி வெற்று மண் திறந்தவெளி மண்ணைவிட அதிகமாக அடிபடும்.

அப்படியென்றால் காட்டு மண் ஏன் அரிக்காமல் இருக்கிறது? அங்கே மரத்தடியில் செடி, புதர், புல், உதிர்ந்த சருகு எல்லாம் இருக்கின்றன. தரையை ஒட்டிக் கிடக்கும் சருகுக்கும் மண்ணுக்கும் இடையில் துளி மறுபடி வேகமெடுக்க இடமே இல்லை. முழங்கால் உயரச் செடியிலிருந்து சொட்டும் துளிக்கும் வேகமெடுக்கப் போதிய தூரம் கிடைப்பதில்லை. மண்ணைக் காப்பது தரையோடு ஒட்டிய போர்வைதான்.

ஆகவே தோப்பு வைத்திருப்பவர்களுக்கும், பள்ளி வளாகத்தில் மரம் நட்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரத்தடியைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டி அள்ளி எரிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதை அப்படியே தரையில் பரப்பி விடுங்கள். துளி தன் வேகத்தைச் சருகின் மேலே முடித்துக்கொள்ளட்டும். மண்ணுக்கு நீர் மட்டும் போய்ச் சேரட்டும்.